கீழ் போர்ஷன் பாட்டி

பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் இரண்டு பக்கம் தடையில்லாமல் வந்துவிடும். அவர் கை முறுக்கு, எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டது, அப்பா அடிக்க வந்தபோது குறுக்கே நின்றது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். சிக்கல் முடிவில்தான். சண்டை எதுவும் நடக்கவில்லை. யாரும் யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் அந்த உறவு இல்லாமல் போயிருக்கிறது. எந்த நாளில் என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால் ‘காலம் மாறிவிட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நேராகப் பாட்டியின் சாவுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் நடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் எழுதப்படாமலே போகின்றன.

எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டுமானால், எப்படித் தொடங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். பாட்டியின் நல்ல மனசு ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் வீட்டு வாசல்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் குடியிருப்பு ஒன்றை லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1950-ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அந்தக் குடியிருப்பில் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குடிவந்தவர்களுக்கு அநேகமாக இல்லை. இருந்தும், ஒரே மாடியில் அடுத்தடுத்த வாசல்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்களாகியிருந்தார்கள். அதே வராந்தாவின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் அப்படி ஆனார்கள். மாடிப்படி இறங்கும் இடத்தில் குடியிருந்தவர்களுக்கு மாடிவீட்டு நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். தினமும் யார் யாரைக் கடந்து போக நேர்கிறது என்பதுதான் பெரும்பாலும் நட்பைத் தீர்மானித்திருந்தது. அவர்கள் கிட்டத்தட்ட ஒரே வயதுத் தம்பதிகள் என்பதால், ஒரு கிழவிக்கும் ஒரு சிறுமிக்கும் இடையிலான பாசத்தை இந்தக் கணக்கு முழுதாக விளக்கிவிடாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது.

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய குடித்தன வீட்டில் ஒரு மாடி போர்ஷனைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே தனியாக ஒரு பாட்டி. மாடியில் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். தண்ணீர்க் குழாய் கீழே இருக்கிறது. படி பாட்டியின் வாசலை ஒட்டி ஏறுகிறது. அம்மா வேலைக்குப் போனால் சாவி பாட்டியிடம். பால் பாக்கெட்டை எடுத்துவைப்பதும், சிலிண்டர் வந்தால் வாங்கிவைப்பதும் அவர்தான்.

தொலைபேசி பாட்டி வீட்டில் மட்டும். எண்பதுகளில் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். அதுவரை பக்கத்து வீட்டு எண்ணையே ‘பி.பி.’ என்று போட்டு விண்ணப்பங்களிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தருவது வழக்கம். “ஏண்டி, உங்க மாமா லைன்ல இருக்கார், ஓடி வா” என்று பாட்டி படியடியில் நின்று கூப்பிடுவார். மாமா வைத்த பிறகும் பெண் உடனே மாடி ஏறிவிட மாட்டாள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம் இரண்டும் பாட்டி வீட்டுக் கூடத்தில்தான். கைம்மாறாக அந்தப் பெண் பாட்டிக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டுவாள், மணியார்டர் பாரம் நிரப்பித் தருவாள், மருந்துக்கடைக்கு ஓடுவாள்.

இனி இவை ஒவ்வொன்றாக எப்படிக் கழன்றன என்று பாருங்கள். மாடிவீட்டில் சொந்த டி.வி. வந்ததும் வெள்ளி, ஞாயிறு போயிற்று. 1993-ல் சன் டி.வி. வந்து கேபிள் பரவியபின், ஊரே ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்ப்பதும் குறைந்தது. சொந்த போன் வந்ததும் பி.பி. எண் தேவையில்லை. மோட்டார் போட்டுத் தண்ணீர் மாடிக்கு ஏறியதும் காலையில் குடத்தோடு இறங்க வேண்டியதில்லை. பெண் கல்லூரிக்குப் போனாள், தனக்கென ஒரு சாவி செய்துகொண்டாள். பாட்டியின் மகனும் கடிதம் எழுதுவதை விட்டு போனில் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த வீட்டுக்கு நல்லதுதான். எதையும் யாரும் பாட்டியை விலக்குவதற்காகச் செய்யவில்லை. காரணமில்லாமல் போய் உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் முன்பும் இருந்ததில்லை. ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் போனார்கள், போனதால் உட்கார்ந்தார்கள். காரணங்கள் தீர்ந்தபோது உட்காருவதும் நின்றது.

பாட்டியின் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. இதை எழுதுகிறவர்கள் அநேகமாகத் தவறவிடுகிறார்கள்.

வயதானால் காது முதலில் இழப்பது உச்சஸ்தாயி ஒலிகளை. ‘ஸ’, ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகள் மங்கும். உயிரொலிகள் ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், பேச்சு புரியாது. நாலு பேர் பேசும் இடத்திலும், டி.வி. ஓடும் கூடத்திலும் இது இன்னும் மோசமாகும். திரும்பத் திரும்ப “என்னது?” என்று கேட்கக் கூச்சப்பட்டு, கேட்டதுபோலத் தலையாட்டிவிடுவார்கள். பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டது என்று சொன்ன பெண்ணிடம் பாட்டி “ரொம்ப சந்தோஷம்மா” என்று சிரித்தால், அவளுக்கு அது அக்கறையின்மையாகத்தான் படும். சம்பந்தமில்லாத பதில், வால்யூம் கூடிய டி.வி., போனைச் சட்டென்று வைத்துவிடுவது எல்லாம் நினைவில் சேர்ந்து வந்தால், அது மனவிலக்கம்தானா என்று இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் முதியவர்களின் உறவு வட்டத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் மிக நெருங்கியவர்களை வைத்துக்கொண்டு, மற்ற பழக்கங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. எழுதுகிறவருக்கு இது கொஞ்சம் கசக்கும். தனக்குச் சொந்தப் பாட்டியாகத் தெரிந்தவருக்குத் தான் சொந்தப் பேத்தியாக இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியூர் மகனின் பிள்ளைகள் லீவுக்கு வந்த நாட்களில் மாடிவீட்டுப் பெண்ணுக்குக் கூடத்தில் எந்த இடம் கிடைத்தது என்று நினைத்துப் பார்த்தால் ஓரளவு விடை தெரியலாம்.

ஆகவே இப்படி ஒருவரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் குணங்களில் தொடங்காமல் கொடுக்கல் வாங்கலில் தொடங்கலாம். சாவி எந்த வருஷம் வரை அங்கே இருந்தது, வீட்டுக்கு போன் எப்போது வந்தது, தீபாவளிப் பலகாரத் தட்டை யார் கொண்டுபோனார்கள், அது எப்போது வேலைக்காரம்மா கையில் போக ஆரம்பித்தது என்று எழுதிக்கொண்டே வந்தால், ‘காலம் மாறிவிட்டது’ என்ற ஒற்றை வரி இருந்த இடத்தில் ஐந்தாறு தேதிகள் கிடைக்கும். முடிவு அவற்றுக்கு நடுவில்தான் இருக்கும்.

இந்தத் தேதிகள் அநேகமாக அம்மாக்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். சொந்த போன் எந்த வருஷம் வந்தது, அதன் பிறகு யார் கீழே இறங்கிப் போனார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.