தூணும் செங்கல்லும் சேரும் கோடு

புது வீட்டில் முதல் கோடை கழிவதற்குள் சுவரில் ஒரு விரிசல் தெரியும். தூணின் ஓரமாக நூல் பிடித்தாற்போல் நேராக இறங்கும், இல்லையென்றால் பீமுக்கு அடியில் படுக்கையாக ஓடும். விரிசல் இத்தனை நேராக இருந்தால், கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோடு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

இரண்டும் ஒரே வெயிலில் நின்றாலும் ஒரே அளவுக்கு விரிவதில்லை. சுட்ட செங்கல்லைவிடக் கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போதாததற்கு, கான்கிரீட் மாதக்கணக்கில் உலர்ந்து சுருங்கும். பீம் சுமையேறி லேசாகத் தொய்யும். இரண்டையும் மூடி நிற்பது அரை அங்குல சிமென்ட் பூச்சு. அதற்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது.

அதனால்தான் பூசுவதற்கு முன் அந்தக் கோட்டின் மேல் வலைப்பட்டை அடிக்கிறார்கள். பலரும் சிக்கன் மெஷ் எனப்படும் முறுக்குக் கம்பிவலையைப் போடுகிறார்கள். எக்ஸ்பாண்டட் மெட்டல் வேறு. ஒரே தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்துச் செய்வது அது; இழுத்ததும் கண்கள் சாய்சதுரமாகத் திறந்துகொள்ளும். பின்னலோ பற்றவைப்போ கிடையாது என்பதால், ஓரிடத்து இழுவை பட்டை முழுக்கப் பரவும். ஒரே இடத்தில் பிளக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளாகச் சிதறிவிடும். சுவரின் அசைவை வலை நிறுத்திவிடாது. அஸ்திவாரம் இறங்குவதால் வரும் விரிசலுக்கும், பீமுக்கடியில் கலவை திணிக்காமல் விட்ட இடைவெளிக்கும் இது மருந்தல்ல.

துத்தநாகப் பூச்சுள்ள 300 மி.மீ. பட்டையை, கான்கிரீட் பக்கம் 150, செங்கல் பக்கம் 150 என்று கோட்டின் நடுவில் வைக்க வேண்டும். வலை சுவரோடு ஒட்டிப் படுத்துவிடக் கூடாது. ஆணிக்கடியில் சிறு துண்டு கொடுத்துச் சில மி.மீ. தூக்கி நிறுத்தினால்தான் கலவை பின்னால் புகுந்து வலையை முழுதாகக் கவ்வும். சுவரோடு ஒட்டிய வலை எந்த வேலையும் செய்யாது. காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தால் அந்த இடம் பொள்ளென்று ஒலிக்கும்.

இனி நீளக் கணக்கு. அறை அறையாக எண்ணினால் ஒரு கோடு இரண்டு முறை வரும், இன்னொன்று விடுபடும். இரு தூணுக்கும் இரு பீமுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு சுவர்க்கட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒரு முகம் முடித்து மறுமுகம் போவதே என் அனுபவத்தில் தவறாத வழி.

முதல் மாடியில் ஒரு வெளிச்சுவர். தூணுக்குத் தூண் இடைவெளி 3.6 மீட்டர்; தளத்திலிருந்து பீமின் அடிவரை 2.6 மீட்டர். உள்முகத்தில் இரு தூணோரமும் பீமோரமும் சேர்ந்து 2.6 + 2.6 + 3.6 = 8.8 மீட்டர். சுவரின் அடியைத் தரையும் ஸ்கர்ட்டிங்கும் மறைத்துவிடும். வெளிமுகத்தில் மறைக்க எதுவுமில்லை. சுவர் உட்கார்ந்திருக்கும் கீழ்த்தள பீமின் முகமும் அதே மட்டத்தில் பூசப்படுவதால், அங்கும் 3.6 மீட்டர் கோடு உண்டு. பட்டியல்களில் அதிகம் விட்டுப்போவது இதுதான். மழைநீர் முதலில் புகுவதும் இந்தக் கோட்டில்தான். ஆக வெளிமுகம் 12.4 மீட்டர், இரு முகமும் சேர்ந்து 21.2 மீட்டர்.

1.5 மீட்டர் அகல ஜன்னல் ஒன்று பீமின் அடிவரை போனால், அந்த அகலத்தில் செங்கல்லே கிடையாது. முகத்துக்கு 1.5 வீதம் 3 மீட்டரைக் கழிக்க, 18.2 வரும். ஜன்னலுக்குமேல் தனி லிண்டலும் அதன்மேல் செங்கல்லும் இருந்தால் கழிக்கத் தேவையில்லை. லிண்டல் ஓரத்துக்கும் பட்டை உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். செங்கல் சுவரோடு செங்கல் சுவர் பல்லிணைப்பாகச் சேரும் மூலைக்குப் பட்டை வேண்டாம்.

பில் போடும் நீளமும் கடையில் வாங்கும் நீளமும் ஒன்றல்ல. ஜன்னலில்லாத நம் சுவரையே எடுப்போம். படுக்கைப் பட்டை மூன்றும் இரு முனையிலும் தூணின் மேல் 150 மி.மீ. ஏற வேண்டும், அதற்கு 0.9 மீட்டர். 2.4 மீட்டர் துண்டுகளாக வாங்கினால் ஏழு இணைப்பு வரும்; இணைப்புக்கு 100 மி.மீ. மேற்படிவு வைத்தால் 0.7. மொத்தம் 22.8 மீட்டர், அதாவது பத்துத் துண்டு. பில்லில் வர வேண்டியது கோட்டின் நீளமான 21.2 மட்டுமே, மேற்படிவும் சேதாரமும் விலைக்குள் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

பூச்சு ஏறிவிட்டால் வலை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. கலவை குழைப்பதற்கு முன்பே மேஸ்திரியோடு சேர்ந்து டேப் பிடித்து அளந்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு முகத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.