மேகத்திலிருந்து நீளும் வாள்

சாம்பல் நிற வானம். மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, வாள் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறது. வாளின் முனை ஒரு கிரீடத்துக்குள் நுழைந்து மேலேறி நிற்கிறது. கிரீடத்திலிருந்து இரண்டு இலைக் கொத்துகள் தொங்குகின்றன. கீழே மரம் மட்டையில்லாத மொட்டை மலைகள். 78 டாரட் அட்டைகளில் ‘ஏஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்’ எனப்படும் வாள் ஏஸ் இது. 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டுக்காக இதை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித்.

கட்டை வடிவமைத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் இந்த அட்டைக்குத் தந்த பொருள் வெற்றி, பலம், எதிலும் எல்லை மீறிய தீவிரம். இன்று இதைத் தெளிவின் அட்டை என்கிறார்கள். அவரும் பமீலாவும் இருந்த ‘கோல்டன் டான்’ என்ற ரகசியக் குழு, வாள் வரிசையைக் காற்றோடு சேர்த்தது. காற்று என்றால் அறிவு, சொல், வாதம். ஏஸ் அந்த வரிசையின் முதல் அட்டை என்பதால், குழப்பத்துக்கு நடுவே பிறக்கும் முதல் தெளிந்த எண்ணமாக இதைப் படிக்கிறார்கள்.

வெளியூரில் வேலை கிடைத்த ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். அக்கா போ என்கிறாள், அம்மா வேண்டாம் என்கிறார், தோழி சம்பளத்தைக் கூட்டிக் கேள் என்கிறாள். வாரக்கணக்கில் இதே பேச்சு. இந்த நிலையில் வாள் ஏஸ் வந்தால் ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ அது சொல்லவில்லை. நல்ல வாசிப்பாளர் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, கேட்ட யோசனைகளை எழுதச் சொல்வார். எது சரிபார்க்கக்கூடிய செய்தி, எது சொன்னவரின் பயம் அல்லது ஆசை என்று பிரிக்கச் சொல்வார். ‘அந்த ஊரில் தனியாக இருக்க முடியாது’ என்பது அம்மாவின் பயம். ‘அங்கே வாடகையிலேயே பாதிச் சம்பளம் போய்விடும்’ என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். பிரித்து முடித்தால் பெரும்பாலும் ஒரே கேள்வி மிஞ்சும்: வாடகை போகக் கையில் எவ்வளவு நிற்கும்? அதற்குத் தேவை இன்னொரு யோசனை அல்ல, ஒரு கணக்கு.

இங்கே பலர் தவறுவது, பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அட்டை எடுப்பதில்தான். நாலு பேரிடம் கேட்ட குழப்பத்தோடு ஐந்தாவது குரலாக அட்டையும் சேர்ந்துகொள்கிறது. தலைகீழாக வந்தால் அபசகுனம் என்று பயப்படவும் வேண்டாம். வெயிட் அதற்குக் கெட்ட பலன்தான் எழுதினார். இன்றைய வாசிப்பில், தகவல் இன்னும் முழுமையாக வரவில்லை, கொஞ்சம் பொறு என்பதே அதன் பொருள்.

கலைத்த கட்டிலிருந்து தற்செயலாக வரும் அட்டைக்கு அவள் சம்பளமும் தெரியாது, வாடகையும் தெரியாது. கணக்குப் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் வாளுக்கு அங்கே வேலையில்லை. மிச்சமிருப்பது மனம் எதை விரும்புகிறது என்பதுதான். டாரட்டில் அதற்குக் கோப்பை வரிசையைப் பார்ப்பார்கள்.