வீடு கட்டுவதற்கு எவ்வளவு நீர் வேண்டும்?

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நகருக்கு மீரஜிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருக்கக் கூடும். முதல் வண்டியில் பத்துத் தொட்டி வாகன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 50,000 லிட்டர் கொள்ளும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வந்த அந்த நீர் முழுவதும் ஐந்து லட்சம் லிட்டர். இத்தகைய பிரதேசத்தில் ஒருவர் 50 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் எளிய வீட்டைக் கோடையில் கட்டத் தொடங்கினால், அவர் அந்த வாகன்களில் ஏறக்குறைய ஒன்றரை வாகன் நீரைச் செலவழிப்பார். இக்கணக்கு எவ்வாறு வருகிறதென்பதையும், அந்நீரை எந்த நாளில் எவ்வளவு வரவழைத்து எங்கே சேமிக்க வேண்டுமென்பதையும் இங்கு விளக்குவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வீடு ஒரு தளம் மட்டுமே உடையது. செங்கற் சுவரும், வெளியே சற்று நீண்ட 60 சதுர மீட்டர் கான்கிரீட் கூரைத் தளமும் கொண்டது. கூரையின் கனம் 12 சென்டிமீட்டர். இதற்கு 50 கிலோ மூட்டையாகச் சுமார் 200 மூட்டை சிமெண்டும், 13,000 செங்கற்களும் தேவைப்படும் எனக் கொள்வோம்.

நீரென்றவுடன் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கலவை நீரே. ஆனால் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். கான்கிரீட்டுக்குச் செல்லும் சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் என்றும், சுவர்ச் சாந்துக்கும் பூச்சுக்கும் செல்லும் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 35 லிட்டர் என்றும் கொண்டால், பாதிக்குப் பாதியாக 200 மூட்டைகளுக்கும் 6,000 லிட்டர் போதும். இந்த இடத்தில் சிக்கனமும் கூடாது, தாராளமும் கூடாது. கலவை இளகி எளிதில் பரவ வேண்டுமென்று கொத்தனார் கூடுதலாக ஒரு வாளி ஊற்றினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். பலகையின் இடுக்குகளில் சிமெண்டுப் பால் வழிவதையும், கலவையின் மேல் தெளிந்த நீர் தேங்குவதையும் கண்டு இதனை அறியலாம்.

செங்கற்களும் ஏறத்தாழ அதே அளவு குடிக்கும். உலர்ந்த செங்கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடுமாதலால் அதை முன்னரே நனைக்கிறோம். மூன்று கிலோ எடையுள்ள நல்ல செங்கல் தன் எடையில் 15 சதவிகிதம், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் கொள்ளும். 13,000 செங்கற்களுக்கு 6,000 லிட்டர் ஆயிற்று. அடித்தளத்தின் உள்ளே நிரப்பும் முரம்பு மண்ணைக் கெட்டிப்படுத்துவதற்கு வேண்டிய நீரை மதிப்பீடு போடுபவர்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். இருபது கன மீட்டர் மண்ணுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 3,000 லிட்டர் வேண்டும்.

இனி முக்கியமான செலவுக்கு வருவோம். இட்ட கான்கிரீட்டைப் பல நாட்கள் ஈரமாக வைத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘க்யூரிங்’ என்பர். இந்தியில் ‘தராயீ’ என்ற அழகிய சொல் இருக்கிறது. தமிழில் எழுதுவோர் ‘நீராற்றல்’ என்று வழங்குகின்றனர். கொத்தனார்களோ இதுபற்றிக் கவலைப்படாமல் ‘தண்ணீர் கட்டுவது’ என்று சொல்லிவிடுகிறார்கள். பொருளைப் பார்த்தால் அவர்கள் சொல்வதே செயலுக்கு நெருங்கியது. சிமெண்டு நீருடன் இரசாயன மாற்றமடைந்து இறுகுகிறது. இம்மாற்றம் ஒரே நாளில் முடிவதன்று. அதற்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி கலவையிலேயே இருக்கிறது. ஆனால் வெயிலும் காற்றும் அதனை வெளியேற்றிவிட்டால் மாற்றம் நின்றுபோகும். ஆகவே நீராற்றலின் நோக்கம் நீரைப் புகட்டுவதைவிட, உள்ளிருக்கும் நீரைத் தப்பவிடாமல் காப்பதே. இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது: நீராற்றலுக்கு எவ்வளவு நீர் வேண்டுமென்பதைச் சிமெண்டின் அளவு நிர்ணயிப்பதில்லை, பரப்பும், நாட்களும், ஆவியாதலுமே நிர்ணயிக்கின்றன.

நாட்களைப் பொறுத்தமட்டில், 456-ஆம் எண்ணுள்ள இந்தியத் தர விதித்தொகுதி (2000) சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கும் உலர்ந்த வெப்பமான காலத்திலும் குறைந்தது பத்து நாட்களும் விதிக்கிறது. கலப்புச் சிமெண்டுக்குப் பதினான்கு நாட்கள் வரை நீட்டுவது நலமென்றும் கூறுகிறது. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது கலப்புச் சிமெண்டே ஆதலால், நாம் பதினான்கு நாட்களையே கணக்கில் வைப்போம்.

ஆவியாதலை அளப்பது மாணவர்களுக்கும் எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் போயிற்றென்று பொருள். நேரான விளிம்புடைய தட்டில் நீர் ஊற்றி, கட்டும் இடத்திலேயே வெட்டவெளியில் வைத்து, அளவுகோலால் இன்றும் நாளை இதே நேரத்திலும் அளந்து பார்க்கலாம். சிறு தட்டு, பெரிய தேக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். திட்டமிடுவதற்கு அது நன்மையே. மே மாதத்தில் தக்காணத்து உள்நாட்டில் நாளொன்றுக்கு 12 மில்லிமீட்டர் என்று கொள்வது மிகையாகாது.

கூரையின் மேல் பாத்தி கட்டி 25 மில்லிமீட்டர் ஆழம் நீர் நிறுத்த, முதலில் 1,500 லிட்டர் வேண்டும். பிறகு நாள்தோறும் ஆவியாவது 720 லிட்டர். பாத்தி வரம்பின் கசிவுக்காக அதில் கால்பங்கு சேர்த்தால் 900 லிட்டர். பதினான்கு நாட்களுக்கு 12,600. ஆகக் கூரைக்கு மட்டும் 14,000 லிட்டர். கலவை நீர் முழுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

சுவர்களில் நீரைத் தேக்க இயலாது, தெளிக்கவே முடியும். இரு முகமும் சேர்ந்து 210 சதுர மீட்டர் சுவருக்கும், பின்னர் கூரையின் அடிப்புறம் உட்பட 255 சதுர மீட்டர் பூச்சுக்கும், சதுர மீட்டருக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் வீதம், நாளைக்கு மூன்று முறையாக ஏழு நாட்கள் தெளித்தால் 10,000 லிட்டர் செல்லும். இது பூவாளியால் அல்லது தெளிப்பானால் தெளிப்பவருக்குரிய கணக்கு. ரப்பர்க் குழாயைத் திறந்து சுவரில் பாய்ச்சுபவருக்கு இது போதாது. சுவரடியில் சேறாவது அவர் நீரே. தூண், உத்தரம் முதலியவற்றைச் சாக்கு சுற்றி நனைக்க 2,500 லிட்டரும், தரைத்தளத்துக்கு 3,500 லிட்டரும் வைப்போம். வீட்டினுள் நிழலிருப்பதால் தரையில் ஆவியாதல் வெளியிலிருப்பதில் பாதிக்கும் குறைவு.

கலவை இயந்திரம், சட்டி, மண்வெட்டி, கரண்டி ஆகியவற்றைக் கழுவ, சிமெண்டு வேலை நடக்கும் அறுபது நாட்களுக்கு நாளைக்கு 100 லிட்டராக 6,000 லிட்டர். கழுவிய நீரைத் தெளியவைத்து முரம்பு நனைக்கப் பயன்படுத்தலாம். புதிய கான்கிரீட்டில் சேர்க்கலாகாது. வேலையாட்கள் ஆறு பேர் குடிக்கவும் கைகால் கழுவவும் தலைக்கு 15 லிட்டர் வீதம் தொண்ணூறு நாட்களுக்கு ஏறக்குறைய 8,000 லிட்டர். இதில் குடிநீரைத் தனிக் குடத்தில் மூடி வைக்க வேண்டுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் கூட்டினால் 59,000 லிட்டர். இறக்கும்போது சிந்துவது, தொட்டியில் ஆவியாவது இவற்றுக்காக நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 68,000 ஆகிறது. 5,000 லிட்டர் கொள்ளும் டிராக்டர் டாங்கர் எனில் பதினான்கு நடைகள்.

பதினான்கு நடை என்று தெரிந்ததால் மட்டும் வேலை முடிந்துவிடாது. தொண்ணூறு நாட்களில் அவை சமமாகப் பரவுவதில்லை. கூரை போடும் வாரமே இடர் மிகுந்தது. அன்று 7.2 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 58 மூட்டை சிமெண்டு செல்லும். கலவைக்கு 1,450 லிட்டர், பலகை நனைக்கவும் கழுவவும் மீதி, ஆக 2,000 லிட்டர். மறுநாள் பாத்தி நிரப்பும் 1,500-உடன் அன்றைய 900-மாக 2,400. மூன்றாம் நாள் 900. மூன்று நாட்களில் 5,300 லிட்டர் ஆகிவிட்டது. ஒரு டாங்கர் நீர் போதவில்லை. நான்காம் நாள் வண்டி வராவிடில் பச்சைக் கான்கிரீட் வெயிலில் காய்ந்துவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த மேற்பரப்பைப் பிறகு எவ்வளவு நனைத்தாலும் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை. ஆணியால் கீறினால் வெண்பொடி எழும்புவதும், நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் தோன்றுவதும் இதன் அடையாளங்கள்.

ஆகவே சேமிப்பை 8,000 லிட்டருக்குக் குறையாமல் அமைக்க வேண்டும். கூரை போடும் காலையில் அது நிறைந்திருந்தால், மூன்றாம் நாள் மாலையில் ஒரு முழு டாங்கர் நீரை ஏற்க இடமிருக்கும். அதே சமயம் 2,700 லிட்டர், அதாவது மேலும் மூன்று நாட்களுக்குரிய நீர், கையிருப்பிலிருக்கும். வண்டிக்காரர் மூன்று நாள் தாமதித்தாலும் கூரை காயாது. அதன்பின் ஐந்து நாட்களுக்கு ஒரு வண்டி போதும். இதற்கென்று தனித் தொட்டி வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்கென எப்படியும் கட்டவிருக்கும் நிலத்தடித் தொட்டியை முதல் வேலையாகக் கட்டிவிடலாம். இரண்டு மீட்டர் நீளம், அகலம், ஆழம் நீர் நிற்கும் தொட்டி சரியாக 8,000 லிட்டர் கொள்ளும். அத்தொட்டியைக் கட்டும் நீரை மட்டும் பீப்பாய்களில் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்கு மூடி அவசியம். ஆவியாதலைத் தடுப்பதோடு குழந்தைகள் விழாமலும் காக்கும்.

நீர் மிகவும் அரிதாயின் நாட்களைக் குறைக்காமல் ஆவியாதலைக் குறைக்க வேண்டும். பாத்தி கட்டுவதற்குப் பதிலாக நனைத்த சாக்கை இரண்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் பாலிதீன் தாளை இறுக மூடி, ஓரங்களில் செங்கல் பாரம் வைத்தால் கூரையின் நீர் பாதிக்கும் கீழே இறங்கும். காற்று தாளைத் தூக்கிவிட்டால் பயனில்லை. ஆகையால் ஒவ்வொரு காலையும் ஒரு மூலையைத் தூக்கிச் சாக்கைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

டாங்கர் நீர் எங்கிருந்து வருகிறதென்றும் விசாரிக்க வேண்டும். கம்பி பதித்த கான்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது மேற்கூறிய விதி. பாத்தி நீருக்கும் அதே கவனம் தேவை. ஏனெனில் நீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பதினான்கு நாட்கள் நிறுத்தினால், ஆவியாகும் 168 மில்லிமீட்டர் நீர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 336 கிராம் உப்பை விட்டுச்செல்லும். காய்ந்த பாத்தியில் வெண்படலம் கண்டால் அதைத் துடைப்பத்தால் பெருக்கி அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த வண்டியின் நீரை வாங்குமுன் ஒரு புட்டியில் எடுத்து அருகிலுள்ள நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நல்லது.