‘காஸோலினா’வில் இருப்பது என்ன?

டாடி யாங்கி பாடிய ‘காஸோலினா’ 2004இல் ‘பாரியோ ஃபினோ’ என்ற தொகுப்பில் வெளிவந்தது. ரெகெதோன் என்ற இசைவகையைப் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வெளியே பெரிய அளவில் கொண்டுபோன பாட்டு இது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023இல் இதைச் சேர்த்தது. ரெகெதோன் பாட்டு ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. தலைப்புக்கு ஸ்பானிஷில் பெட்ரோல் என்று பொருள். பல்லவியில் அந்தப் பெண்ணுக்குப் பெட்ரோல் என்றால் கொள்ளை ஆசை என்று ஆண்குரல் பாட, இன்னும் வேண்டும் என்கிறது பெண்குரல். அரைகுறை ஸ்பானிஷ் தெரிந்தவருக்குக்கூட இது புரிந்துவிடும். புரிந்த கையோடு, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்ற சந்தேகமும் வரும்.

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லையும் விரசமாகப் படித்தால் பாட்டு கெட்டுவிடும். புரியாமல் போகிற சொற்களில் பாதிக்கு மேல் இரட்டை அர்த்தம் எதுவும் கிடையாது. அவை வெறும் ஊர்ப்பேச்சு. முதலில் அவற்றைப் பிரித்து ஒதுக்க வேண்டும்.

காதிலிருந்தே தொடங்கலாம். புவேர்ட்டோ ரிக்கோ பேச்சில் அசையின் கடைசியில் வரும் ‘ஸ்’ தேய்ந்துவிடும். ‘பாரா’ என்பது ‘பா’ என்று சுருங்கும். முதலாவதுதான் அதிகம் குழப்பும். ‘நீ போகிறாய்’ என்பதற்குரிய ‘பாஸ்’ இப்படித் தேய்ந்தால், ‘அவள் போகிறாள்’ என்பதற்குரிய ‘பா’வாகவே கேட்கும். பாட்டு அவளைப் பற்றிப் பேசுகிறதா, அவளிடமே பேசுகிறதா என்பது தெரியாமல் போகும். பக்கத்தில் ‘து’ (நீ), ‘தெ’ (உன்னை) போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது ஊர்ச்சொற்கள். பாட்டில் வரும் ‘மார்க்கெசினா’வை ஸ்பெயின்காரர் பேருந்து நிழற்குடை என்று எடுத்துக்கொள்வார். புவேர்ட்டோ ரிக்கோவில் அது வீட்டை ஒட்டிக் கார் நிறுத்தும் கூரைக்கொட்டகை. காரை வெளியே எடுத்துவிட்டு அங்கேயே விருந்தும் ஆட்டமும் நடக்கும். பாட்டு சொல்வது அந்த விருந்தைத்தான். ‘போசினா’ ஸ்பெயினில் கார் ஹாரன், இங்கே ஒலிபெருக்கி. ‘ஹாங்கெயார்’ ஆங்கிலத்திலிருந்து வந்து ஸ்பானிஷ் வினையாகிப்போனது. நண்பர்களோடு ஊர்சுற்றுவதைக் குறிக்கும். ‘காத்தா’ என்றால் பெண்பூனை. மெக்சிகோவில் அது வேலைக்காரப் பெண்ணை இழிவாகக் குறிக்கும் சொல்; இங்கோ அழகான பெண். பொது அகராதியை மட்டும் நம்பினால் இந்த நாட்டு வேறுபாடுகள் தப்பிப்போகக்கூடும். ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் சேர்ந்து 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஸ்பானிஷ் அகராதி, எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்று குறித்துக் காட்டுகிறது.

இல்லாத விரசம் எப்படி முளைக்கிறது என்பதற்கு ‘கித்தார்செ’ நல்ல உதாரணம். அகராதியில் முதலில் கண்ணில் படுவது ‘கழற்றுதல்’. ஆட்டப் பாட்டில் கழற்றுவது என்றால் கற்பனை ஓடத்தானே செய்யும்! ஆனால் உடையைக் கழற்றுவதாக இருந்தால் எந்த உடை என்று வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். பாட்டில் அப்படி ஒன்று இல்லை. செயப்படுபொருள் இல்லாமல் வரும்போது புவேர்ட்டோ ரிக்கோவில் அதற்குப் பின்வாங்குதல், பாதியில் விலகுதல் என்று பொருள். நீ என்னைவிட்டு விலகமாட்டாய் என்பதுதான் அங்கே சொல்லப்படுவது.

இவ்வளவையும் களைந்த பிறகு எஞ்சுவது வண்டிச் சொற்கள்: பெட்ரோல், எஞ்சின், டர்பைன், டேங்க். இரட்டை அர்த்தம் இருப்பது இந்தத் தொடரில்தான். பெட்ரோலுக்கு ஒரு மறைபொருள் சொன்னால், அது மற்ற மூன்றுக்கும் பொருந்திவர வேண்டும். மது என்று வைத்தால் டேங்குக்குச் சரி, எஞ்சினைக் கிளப்புவதற்கு ஓரளவு சரி. காமம் என்று வைத்தால் எஞ்சினுக்குச் சரி, பல்லவியின் கேள்வி-பதிலுக்கும் சரி. ஆனால் பாட்டே ஒரு விடை தருகிறது. ஒலிபெருக்கியில் ரெகெதோன் கேட்டதும் அவள் டேங்க் அட்ரினலினால் நிரம்புகிறது என்கிறது ஒரு சரணம். அதாவது எரிபொருள் இசையும் அது ஏற்றும் வெறியும். நான்கு சொற்களுக்கும் இடறாமல் பொருந்துவது இதுதான். மற்ற இரண்டும் அதன் நிழலில் நிற்கின்றன, அவற்றை விரட்டவும் பாட்டு முயலவில்லை.

டாடி யாங்கி சொல்லும் கதை இன்னும் எளிமையானது. ஆடம்பரக் கார்களில் சவாரி கிடைக்குமா என்று பார்க்கும் பெண்களைத் தெருவில் இளைஞர்கள் பெட்ரோல் ஆசைக்காரிகள் என்று கேலி செய்வார்கள். அந்தக் கூச்சல் காதில் விழுந்து பாட்டாயிற்று என்பார். மறைபொருள் எதையும் தான் வைக்கவில்லை என்பதும் அவர் வாதம். சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது நம்பத்தக்க சாட்சி. மேடைக்கு வந்த பிறகு அந்தச் சொல் என்ன செய்கிறது என்பதற்கு இது போதாது. தெருவில் கேலி செய்தவர்கள் ஆண்கள் மட்டுமே; பாட்டில் பெண்குரலே முன்வந்து இன்னும் கேட்கிறது. அந்தக் குரலுக்குரியவர் குளோரி என்ற பாடகி. கேலி வேட்கையாக மாறுவது அவர் வாய்திறக்கும் இடத்தில்தான்.