மிக்சர் பையில் கச்சானின் பெயர் என்ன?

பதுளை பஸ் தரிப்பிடத்துக் கடைகளிலும், பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டக் கடைகளிலும் சரம் சரமாகத் தொங்கும் மிக்சர், முறுக்கு, பைட்ஸ் பைகளைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானங்கள் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய்க்கு அந்தப் பையில் தேவைப்படுவது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லே பல நேரம் குழம்பிக் கிடக்கிறது.

இலங்கைத் தமிழில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அவித்துத் தாளித்து பஸ்ஸிலும் ரயிலிலும் விற்பது அதுதான். தமிழ்நாட்டில் பலர் வேர்க்கடலையையும் வெறுமனே கடலை என்பார்கள். அங்கிருந்து வரும் பையில் ‘கடலை’ என்றிருந்தால், நம் வாசகர் கொண்டைக்கடலை என்று நினைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தால் வேறொரு பிழை வரும். சிங்களத்தில் கச்சானுக்கு ‘ரட்ட கஜு’ என்று பெயர். அவசரத்தில் அதன் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் கச்சான் கஜுவாகிவிடும். கச்சான் நிலத்துக்குள் காய்க்கும் அவரை இனம். கஜு மரத்தில் காய்ப்பது. கச்சான் ஆகாத பிள்ளைக்குக் கஜு ஒத்துக்கொள்ளலாம், கஜு ஆகாத பிள்ளைக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளலாம். பெயர் மாறினால் எச்சரிக்கை தவறான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இதைவிட மோசமானது, ‘பருப்பு வகைகள் அடங்கியது’ என்று பொதுவாக எழுதிவிடுவது. மலையகத்தில் பருப்பு என்றதும் நினைவுக்கு வருவது சோற்றோடு பிசையும் மைசூர்ப் பருப்பு. அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஆகவே லேபலில் ‘கச்சான் (நிலக்கடலை)’ என்று இரண்டு பெயரும் வர வேண்டும் என்பேன். கஜுவுக்கும் அப்படியே, ‘கஜு (மரமுந்திரி)’. முந்திரி என்று மட்டும் போட்டால் முந்திரிகை வற்றல் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழுவின் லேபல் தரநிலை, கச்சானையும் மரக்கொட்டைகளையும் வெவ்வேறாகவே வைத்திருக்கிறது. 2024இல் அதைத் திருத்தியபோது எள்ளையும் பட்டியலில் சேர்த்தார்கள். எள்ளுருண்டையும் எள்ளுப்பாகும் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி ஒரு பையை எழுதிப் பார்ப்போம். பதுளையில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஒருவர் மிக்சர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்குக் கடலை மா 5 கிலோ, கச்சான் 2 கிலோ, பொரித்த கடலைப்பருப்பு 1 கிலோ, உப்பு 150 கிராம், மிளகாய்த்தூள் 100 கிராம், பெருங்காயத்தூள் 20 கிராம், கொஞ்சம் கறிவேப்பிலை. பொரித்து முடித்தபின் சட்டியில் பாம் எண்ணெய் ஏறக்குறைய 2½ கிலோ குறைந்திருக்கிறது. சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு எழுத வேண்டும். அதனால் கடலை மா, பாம் எண்ணெய், கச்சான், கடலைப்பருப்பு, உப்பு, மிளகாய்த்தூள் என்று வரிசை இறங்கும். ‘தாவர எண்ணெய்’ என்று மூடி எழுதாமல் எண்ணெயின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தப் பட்டியலில் கோதுமை இல்லை என்றுதான் தயாரிப்பவர் நினைப்பார். ஆனால் கடையில் வாங்கும் பெருங்காயத்தூள் சுத்தமான பெருங்காயம் அல்ல. பிசினும் மாவும் கலந்தே அதைத் தூளாக்குகிறார்கள், அந்த மா பெரும்பாலும் கோதுமை மா. வெறும் 20 கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. கூட்டுப் பொருள் ஒன்று மொத்தத்தில் 5 வீதத்துக்குக் குறைவென்றால் அதற்குள் இருப்பவற்றைத் தனித்தனியே எழுதத் தேவையில்லை என்று கோடெக்ஸ் சலுகை தருகிறது. ஒவ்வாமை தரும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே பெருங்காய டப்பாவின் லேபலைப் படித்து, ‘பெருங்காயத்தூள் (கோதுமை மா கலந்தது)’ என்று எழுத வேண்டும். வாங்கும் கடை மாறினால் மறுபடியும் படிக்க வேண்டும்.

மசாலாத் தூளுக்குள் வேறு பொருள் ஒளிந்திருப்பது நம் ஊர்ப் பட்டறைகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2024 செப்டெம்பரில் பிரித்தானிய உணவுத் தர முகவரகம், கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் கடுகு சேர்ந்த உணவுகளைத் தவிர்க்கும்படி அறிவித்தது. இந்தியாவிலிருந்து வந்த கடுகுத் தூளில் கச்சான் கலந்திருந்ததே காரணம். பல உணவுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

பட்டியலுக்குக் கீழே எச்சரிக்கை வரி வரும். சட்டத்தில் மாட்டாமலிருக்கவும் வாசகரை ஏமாற்றாமலிருக்கவும் இதில் இரண்டு வினைச்சொற்களைப் பிரித்தே ஆள வேண்டும். கைநிறைய அள்ளிப் போட்ட பொருளுக்கு ‘உள்ளது’. போடாமல், ஆனால் அதே சட்டியிலோ அதே பொதி மேசையிலோ வந்து ஒட்டக்கூடிய பொருளுக்கு ‘கலந்திருக்கலாம்’. அதே சட்டியில் அவர் கஜுவும் பொரிக்கிறார் என்றால், நம் மிக்சருக்கு இப்படி எழுதலாம்:

“ஒவ்வாமை எச்சரிக்கை: இதில் கச்சான் (நிலக்கடலை), கோதுமை உள்ளன. கஜு பொரிக்கும் அதே எண்ணெயில் பொரிக்கப்படுவதால் கஜு (மரமுந்திரி) கலந்திருக்கலாம்.”

போட்ட கச்சானுக்கே ‘கலந்திருக்கலாம்’ என்று எழுதுவது தயாரிப்பவரைக் காப்பாற்றாது; தெரிந்ததை மறைத்ததாகவே ஆகும். ‘ஒவ்வாமை தராதது’ என்றும் எழுதக் கூடாது. எந்த உணவைப் பற்றியும் அப்படி உறுதி கொடுக்க ஒருவராலும் முடியாது. ‘கச்சான் அற்றது’ என்று எழுதுவதானால் தனிச் சட்டி, தனி எண்ணெய், தனி மேசை வேண்டும். பொரித்த எண்ணெயை வடிகட்டினாலும் கச்சானின் புரதம் அதில் தங்கிவிடும். ‘கச்சான் சுவடுகள் காணப்படலாம்’ என்று சில பைகளில் வருவது யாருக்கும் புரியாத தமிழ், அதை விட்டுவிடலாம்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் சேர்மானம் பற்றியோ பாதுகாப்பு பற்றியோ தவறான எண்ணம் தரும் லேபலைத் தடைசெய்கிறது. சிங்களத்தில் கச்சானும் கோதுமையும் இருக்க, தமிழில் ஒன்று விடுபட்டால், தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு அந்த லேபல் பொய் சொல்கிறது. மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருள்களை எண்ணிப் பார்த்தாலே விடுபட்டது தெரியும். எந்த விவரம் எந்த மொழியில் வர வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு, அச்சுக்குக் கொடுக்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடைமுறையிலுள்ள வர்த்தமானியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அச்சகத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்புகள் இடம் மாறிவிடும். ‘கச்சான்’ அப்படியே நிற்கும், ‘கோதுமை’ சிதைந்துவிடும். ஆகவே மாதிரிப் பிரதியில் முதலில் கோதுமை, கொட்டை போன்ற கொம்புள்ள சொற்களைப் பாருங்கள். பிறகு பையின் உண்மையான அளவில் அச்சிட்டு, புள்ளிகள் மை பரவி மறைந்திருக்கின்றனவா என்று கடை வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள்.

பெரிய பொதியை உடைத்துச் சிறு பொலித்தீன் பைகளில் போட்டு விற்கும் தோட்டக் கடைகளில் இந்த லேபல் எதுவும் கைக்கு வராது. அங்கே “இதுல கச்சான் இருக்கா அண்ணே?” என்று கேட்டால் மட்டும் போதாது, பெரிய பொதியின் மேலுறையையே காட்டச் சொல்ல வேண்டும். கடைக்காரர் அதை வீசாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலுறை இல்லையென்றால், ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அந்தப் பையை வாங்கவே கூடாது.

சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கினால் 1990க்கு அழையுங்கள். வைத்தியசாலையில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. தோட்டத்திலிருந்து பாதைக்கு இறங்கவே நேரம் பிடிக்கும் என்பதால், கைமருந்து செய்து பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தின்ற பையையும் கூடவே எடுத்துப் போங்கள். அதிலுள்ள தொகுதி இலக்கத்தை வைத்துத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையில் மிச்சமிருக்கும் பைகளைத் தேட முடியும். லேபல் பற்றிய முறைப்பாட்டை நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம்.