ஒரு கைப்பேசி, பல கணக்குகள்

தாய், மகள், மகன் மூவரும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். உதவித்தொகைத் தளத்தில் மகள் தன் பயனர்பெயரை உள்ளிடுகிறாள். கடவுச்சொல் கட்டத்திலோ, தம்பி முன்பு சேமித்துவைத்த கடவுச்சொல்லை உலாவி தானே நிரப்பிவிடுகிறது. எழுத்துகள் புள்ளிகளாக மறைந்திருப்பதால் அவள் அதனை உணரவில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறாள்.

தளத்திற்கு ஆளைத் தெரியாது. கருவி, தவறிய முயற்சிகளின் எண்ணிக்கை போன்ற விவரங்களே தெரியும். உரியவர் தடுமாறுவதும் அயலார் கடவுச்சொல்லை ஊகித்து முயல்வதும் அதற்கு ஒன்றுபோலவே தோன்றும். எனவே, அது கணக்கைத் தற்காலிகமாக முடக்குகிறது.

அந்நிலையில் தொடர்ந்து முயன்றால் முடக்கம் நீளக்கூடும். குறித்த நேரம் காத்திருந்து, தானாக நிரம்பியதை அழித்து, தன் கடவுச்சொல்லைத் தானே தட்டச்சிடுதல் வேண்டும். பலர் பயன்படுத்தும் கைப்பேசியில் கடவுச்சொல்லைச் சேமிக்காமல், பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறினால் இக்குழப்பம் நேராது.