உணவக மாத இறுதிச் சரக்கிருப்பு மதிப்பீடு

உணவக மாத இறுதிச் சரக்கிருப்பு மதிப்பீடு என்பது, மாதத்தின் கடைசி நாளில் உணவகத்தின் பண்டக அறையில் மீதமிருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா போன்ற பொருட்களை எண்ணி, எடைபோட்டு, அவற்றுக்குப் பண மதிப்பு இடும் கணக்கியல் செயல் ஆகும். தொடக்க இருப்புடன் மாதக் கொள்முதலைக் கூட்டி, இந்த இறுதி இருப்பைக் கழித்தால் அம்மாதத்தில் பயன்படுத்தப்பட்ட பொருட்களின் அடக்கவிலை கிடைக்கும். எனவே இறுதி இருப்பின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு லாபமும் கூடித் தெரியும்.

ஒரே பொருள் மாதத்துக்குள் பல விலைகளில் வாங்கப்படுவதால்தான் சிக்கல் எழுகிறது. மீதமுள்ள பருப்பை எந்த பில்லின் விலையில் கணக்கிடுவது என்பதற்கு இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன: முதலில் வந்தது முதலில் செல்லும் முறை, எடையிட்ட சராசரி முறை. இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இவ்விரண்டையும் ஏற்கிறது; கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறையை ஏற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

நடுத்தர அளவுள்ள ஒரு சைவ உணவகத்தின் ஜூன் மாதத் துவரம்பருப்புக் கணக்கைக் கொள்ளலாம். ஜூன் 1 அன்று இருப்பு 40 கிலோ, கிலோ 120 ரூபாய். ஜூன் 8 அன்று 100 கிலோ 130 ரூபாய்க்கும், ஜூன் 20 அன்று 60 கிலோ 150 ரூபாய்க்கும் வாங்கப்பட்டன. ஆக மொத்தம் 200 கிலோ, அதன் அடக்கம் 26,800 ரூபாய். ஜூன் 30 இரவு எடைபோட்டபோது 50 கிலோ மீதமிருந்தது. அதாவது 150 கிலோ செலவாகியிருக்கிறது.

முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில், பழைய சரக்கே முதலில் சமையலுக்குப் போனதாகக் கொள்ளப்படும். ஆகவே மீதமுள்ள 50 கிலோவும் ஜூன் 20 பில்லைச் சேர்ந்தது. அதன் மதிப்பு 7,500 ரூபாய். பயன்பாட்டுச் செலவு 19,300 ரூபாய்.

எடையிட்ட சராசரி முறையில் 26,800-ஐ 200-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 134 ரூபாய் வருகிறது. இருப்பின் மதிப்பு 6,700 ரூபாய்; பயன்பாட்டுச் செலவு 20,100 ரூபாய். 120, 130, 150 ஆகிய மூன்று விலைகளை மட்டும் கூட்டி மூன்றால் வகுப்பது எளிய சராசரி. அது அளவைக் கணக்கில் கொள்ளாததால் இங்கே பொருந்தாது.

இரு முறைகளுக்கும் இடையே 800 ரூபாய் வேறுபாடு. விலை ஏறும் மாதத்தில் முதல் முறை லாபத்தைக் கூட்டிக் காட்டும். விலை இறங்கினால் நேர்மாறு. ஆனால் ஜூன் இறுதி இருப்பே ஜூலையின் தொடக்க இருப்பு என்பதால், ஜூனில் கூடித் தெரிந்த லாபம் அந்தப் பருப்பு செலவாகும்போது ஜூலையில் குறைந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை என மாற்றிக்கொண்டே இருந்தால்தான் கணக்கு உண்மையிலேயே கெடும்.

வழக்கமான பிழைகள்

முதல் முறையைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பல உணவகங்கள், மொத்த இருப்பையும் கடைசி பில் விலையால் பெருக்கிவிடுகின்றன. மேற்கண்ட கணக்கில் 50 கிலோவுக்கு அது சரியாக வந்தது தற்செயலே. 75 கிலோ மீதமிருந்தால், 60 கிலோவுக்கு மட்டுமே 150 ரூபாய். எஞ்சிய 15 கிலோவுக்கு ஜூன் 8 விலையான 130 ரூபாய். சரியான மதிப்பு 10,950 ரூபாய். கடைசி விலையால் பெருக்கினால் 11,250 ரூபாய் வரும். இல்லாத 300 ரூபாய் லாபமாகத் தோன்றும். கடைசியாக வாங்கிய அளவைவிட இருப்பு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் இதைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு பிழை, பில்லும் சரக்கும் வெவ்வேறு மாதங்களில் சேர்வது. 30-ஆம் தேதி மாலை வந்திறங்கிய மூட்டையை எண்ணிவிட்டு, அதன் பில்லை ஜூலையில் பதிந்தால், ஜூன் செலவு மூட்டையின் முழு விலை அளவுக்குக் குறைந்துவிடும். உணவுச் செலவு விகிதம் ஒரு மாதம் திடீரென இறங்கி, அடுத்த மாதம் அதே அளவு ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடக்கவிலையில் ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் சேரும். உள்ளீட்டு வரி வரவு இல்லாமல் 5 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி செலுத்தும் உணவகங்களுக்கு, கொள்முதலில் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது. எனவே அதுவும் அடக்கத்தில் சேர வேண்டும்.

பழைய மூட்டையை முன்னால் வைத்து முதலில் எடுப்பது பண்டக ஒழுங்கு; அது கெட்டுப்போவதைத் தடுக்க எல்லா உணவகங்களுக்கும் தேவை. விலையைச் சராசரியில் கணக்கிடும் உணவகமும் மூட்டைகளை அவ்வாறே அடுக்கலாம். வண்டு விழுந்த பருப்பை எந்த முறையிலும் இருப்பில் சேர்க்கக்கூடாது. எடைபோட்டு, வீணானது எனத் தனியே எழுத வேண்டும்.

எந்த முறையானாலும் எடை தவறினால் பயனில்லை. மேற்கண்ட கணக்கில் பாதி மூட்டையைக் கண்ணால் பார்த்து 6 கிலோ கூட்டி எழுதினால், முதல் முறையில் 900 ரூபாய் பிழை ஏற்படும். இரு முறைகளுக்கும் இடையேயான மொத்த வேறுபாட்டைவிட இது அதிகம்.